பின்னூட்ட அறிக்கையில் மிகக் குறைந்த எண்ணை முதலில் விடுங்கள்

எனக்கு முதலாவது பின்னூட்ட அறிக்கை வந்தபோது நான் கொழும்பிலிருந்து யாழ்ப்பாணம் வரும் இரவு பஸ்ஸில் இருந்தேன். பொறுமை இல்லாமல் போனிலேயே திறந்தேன். இருபது பக்கத்துக்கு மேல். அதில் எனக்குத் தெரிந்தது ஒரு வரிதான்: “மற்றவர் சொல்வதைக் காதில் விழுத்த மாட்டார்.” வவுனியா தாண்டுவதற்குள் அதை எழுதியவர் யார் என்று முடிவுகட்டிவிட்டேன். ஆனையிறவில் விடியும்போது மனதுக்குள் அவரோடு சண்டையும் பிடித்து முடித்திருந்தேன். அதற்குப் பிறகு மூன்று கிழமை அவரோடு முகங்கொடுத்துக் கதைக்கவில்லை. கடைசியில் அந்த வரியை எழுதியவர், நான் கந்தோரில் அதிகம் நம்பிய இன்னொருவர், தானாகவே வந்து சொன்னார்: “நான்தான் எழுதினனான், நேர சொல்லியிருக்கலாம், குறை நினையாதேங்கோ.”

அதனால்தான் இதை எழுதுகிறேன். இப்போது யாழ்ப்பாணத்திலும் மென்பொருள் கந்தோர்கள், தொண்டு நிறுவனங்கள், கொழும்பில் தலைமையகம் உள்ள கிளைகள் எல்லாம் இந்த முறைக்கு வந்துவிட்டன. மனேஜர் ஒருவர் மட்டும் மதிப்பிட்ட காலம் போய், சக ஊழியர், உங்களுக்குக் கீழே வேலை செய்யும் இளையவர்கள், மேலே உள்ளவர் எல்லாரிடமும் ஒரே கேள்விகளைக் கேட்டு ஒரு அறிக்கையாகத் தருகிறார்கள். ‘த்ரீ சிக்ஸ்டி’ என்று சொல்வது இதைத்தான். அறிக்கையை அனுப்புகிறார்கள், எப்படி வாசிப்பது என்று பலருக்கு யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை. “இரண்டு விஷயம் தெரிவு செய்து அடுத்த மாதம் வாங்கோ” என்று மட்டும் சொல்லிவிடுவார்கள். புதிதாக வருபவர் அதிலே மிகக் குறைந்த இரண்டு எண்ணைப் பிடிப்பார். பெரும்பாலும் அங்கேதான் பிழைக்கிறது.

திறப்பதற்கு முன் ஒரு கடதாசி

அறிக்கையை போனில் திறக்காதீர்கள். அச்சடிக்க முடிந்தால் அச்சடியுங்கள். திறப்பதற்கு முன், உங்களுக்கு எந்த மூன்று விஷயத்தில் மதிப்பெண் குறைவாக இருக்கும், எந்த மூன்றில் கூடவாக இருக்கும் என்று ஒரு கடதாசியில் எழுதி வையுங்கள். ஐந்து நிமிட வேலை. எழுதி வைக்காவிட்டால், வாசித்த பிறகு “உது எனக்கு முதலே தெரியும்” என்று மனம் சொல்லிவிடும். உண்மையில் எது தெரிந்தது, எது தெரியாமல் இருந்தது என்பது அந்தக் கடதாசியில்தான் இருக்கும்.

இன்னொன்றையும் முதலே கேட்டு வையுங்கள்: இந்த அறிக்கை சம்பள உயர்வுக்கோ பதவி உயர்வுக்கோ போகிறதா, அல்லது உங்கள் கையோடு நிற்கிறதா? சம்பளத்துக்குப் போகிறது என்று தெரிந்தால் ஆட்கள் நான்கும் ஐந்துமாகப் போட்டுவிடுவார்கள், யாருடைய வயிற்றிலும் அடிக்க விருப்பமில்லை. அப்படியான அறிக்கையில் எண்களை அரைவாசிக்கு நம்பி, எழுத்தில் உள்ளதைக் கூடுதலாகப் பாருங்கள்.

எத்தனை பேர் என்று பாருங்கள்

முதல் பக்கத்திலோ கடைசிப் பக்கத்திலோ, எத்தனை பேரிடம் கேட்டார்கள், எத்தனை பேர் பதில் தந்தார்கள் என்று இருக்கும். எல்லாரும் தாண்டிப் போகும் பக்கம் அது. சக ஊழியரும் இளையவர்களும் தந்த மதிப்பெண்ணை, வழக்கமாகக் குறைந்தது மூன்று பேராவது பதில் தந்தால்தான் தனியாகக் காட்டுவார்கள். ஆள் அடையாளம் தெரியக்கூடாது என்பதற்காக. மூன்று பேர் இல்லாவிட்டால் ‘ஏனையோர்’ என்று ஒன்றாகச் சேர்த்துவிடுவார்கள். மனேஜருக்கு இந்த மறைப்பு இல்லை. அவர் ஒருவர்தானே, அவருடைய எண் அவருடைய எண்ணாகவே நிற்கும்.

நான்கு பேர் உள்ள குழுவில் ஒருவர் ஒரு புள்ளியைக் கூட்டினாலோ குறைத்தாலோ சராசரி 0.25 அசையும். அதனால் 3.5க்கும் 3.75க்கும் நடுவே பொருள் தேட வேண்டாம். ஒருவருக்குக் காலையில் தேத்தண்ணி கிடைக்காததே அந்த வித்தியாசத்துக்குப் போதும். இது பகிடியாகத் தோன்றலாம். ஆனால் 2000ஆம் ஆண்டில் வெளிவந்த ஒரு பெரிய ஆய்வு, இப்படியான மதிப்பெண்களில் காணும் வேறுபாட்டில் அரைவாசிக்கு மேல் மதிப்பிட்டவருடைய தனிப் பழக்கத்தால் வருவது என்று கண்டது. மதிப்பிடப்பட்டவருடைய வேலையைக் காட்டுவது அதைவிடக் குறைவு. கை தாராளமானவர் எல்லாருக்கும் ஐந்து போடுவார். கை இறுக்கமானவரிடம் நான்கு வாங்குவதே பெரிய காரியம்.

ஒரு அறிக்கையைக் கையில் எடுப்போம்

என்னிடம் வந்த ஒரு தங்கச்சியின் அறிக்கையை அவவின் அனுமதியோடு இங்கே வைக்கிறேன். அடையாளம் தெரியாதபடி சிலதை மாற்றியிருக்கிறேன். யாழ்ப்பாண நகரத்தில் ஒரு மென்பொருள் கந்தோரில் சின்ன ரீம் ஒன்றுக்குப் பொறுப்பு. கீழே நான்கு பேர், எல்லாரும் இருபத்தைந்துக்குள். மனேஜர் கொழும்பில். சக ஊழியர் நான்கு பேர், சிலர் இங்கே, சிலர் அங்கே. 24 கேள்விகள், ஒன்றிலிருந்து ஐந்து வரை மதிப்பெண். நமக்குத் தேவையான நான்கு கேள்விகள் இவை:

| கேள்வி | தானே | மனேஜர் | சக ஊழியர் (4) | இளையவர் (4) |
|---|---|---|---|---|
| வேலையைத் தெளிவாகப் பிரித்துக் கொடுக்கிறார் | 4 | 4 | 3.75 | 2.5 |
| கூட்டங்களில் தன் கருத்தைச் சொல்கிறார் | 3 | 2 | 3.0 | 4.25 |
| பிழைகளைச் சுட்டிக்காட்டித் திருத்துகிறார் | 5 | 4 | 4.0 | 3.25 |
| பிந்தப்போகும் வேலையை முன்கூட்டியே அறிவிக்கிறார் | 4 | 3 | 2.75 | 3.5 |

அவ வரும்போதே முடிவோடு வந்திருந்தா. “அக்கா, கூட்டத்தில கதைக்கிறேல்ல எண்டு மனேஜர் ரெண்டு போட்டிருக்கிறார். இங்கிலீஷ் கிளாஸ் ஒண்டுக்குச் சேரப்போறன். ஆறு மாசம்.” காசு கட்டவும் ஆயத்தம்.

“கட்டுறதுக்கு முதல் இதில கொஞ்ச நேரம் இருப்பம்” என்றேன்.

குழுவுக்குள் வரிசைப்படுத்துங்கள்

ஒரு குழுவின் எண்ணை இன்னொரு குழுவின் எண்ணோடு நேரே ஒப்பிடுவது கூடாது. எங்களுடைய ஊரில் இளையவர்கள் மூத்தவருக்கு மதிப்பெண் போடும்போது நான்கில்தான் தொடங்குவார்கள். ‘அக்கா’ என்று கூப்பிட்டுப் பழகிய ஒருத்திக்கு இரண்டு போடுவதென்றால் அது சும்மா நடக்கிற காரியம் இல்லை. அவர்களிடமிருந்து வரும் 3, மனேஜரிடமிருந்து வரும் 3ஐ விடக் கனமானது.

ஆகவே இப்படிச் செய்யுங்கள். ஒவ்வொரு குழுவையும் தனியாக எடுங்கள். அந்தக் குழு தந்த எல்லா மதிப்பெண்களுக்குள்ளும் மேலே நிற்கும் மூன்றுக்குப் பச்சை, கீழே நிற்கும் மூன்றுக்குச் சிவப்பு. இனி எண்களை மறந்துவிட்டு நிறங்களைப் பாருங்கள். இரண்டு குழுக்களில் ஒரே கேள்வி சிவப்பாக இருந்தால் அதைச் சுற்றி வளையம் போடுங்கள். ஒரு குழுவில் பச்சையும் இன்னொன்றில் சிவப்புமாக இருந்தால் அதற்கு இரண்டு வளையம் போடுங்கள், சுவையான இடம் அதுதான். நீங்கள் அந்த இரண்டு குழுக்களோடும் உண்மையிலேயே வேறு வேறு மாதிரி நடந்துகொள்கிறீர்கள் என்று அது காட்டலாம்.

தங்கச்சியின் அறிக்கையில் இரட்டை வளையம் விழுந்தது கூட்டத்தில் கதைப்பதற்கு. இளையவர்கள் 4.25 போட்டிருக்கிறார்கள். மனேஜர் 2. வாய் திறக்கத் தெரியாத ஆளுக்கு 4.25 கிடைக்குமா?

சராசரிக்குள்ளே என்ன இருக்கிறது

நல்ல அறிக்கைகளில் சராசரிக்குப் பக்கத்தில், எந்த மதிப்பெண்ணை எத்தனை பேர் தந்தார்கள் என்று ஒரு சின்னக் கட்டைப் படம் இருக்கும். அதை விடாதீர்கள். கூட்டத்தில் கதைப்பதற்குச் சக ஊழியர் தந்த 3.0ஐ அதிலே பார்த்தோம்: 5, 4, 2, 1. நான்கு பேரில் ஒருவர்கூட மூன்று போடவில்லை. சராசரி சொல்லும் அந்த ‘நடுத்தரமான’ ஆள் எங்குமே இல்லை. இரண்டு பேர் கதைக்கிற ஒருத்தியைக் காண்கிறார்கள், இரண்டு பேர் கதைக்காத ஒருத்தியைக் காண்கிறார்கள். எண்கள் இப்படி இரண்டாகப் பிரிந்து நின்றால் கேட்க வேண்டிய கேள்வி “எந்த இடத்தில், எப்போது?” என்பதுதான்.

வேலை பிரித்துக் கொடுப்பதற்கு இளையவர்கள் தந்த 2.5 அப்படி இல்லை: 2, 2, 3, 3. எல்லாரும் ஒட்டி நிற்கிறார்கள். நான்கில் தொடங்கும் கூட்டம் இது என்பதை நினைத்துப் பாருங்கள். தங்கச்சி தனக்கு 4 போட்டிருந்தா. மனேஜரும் 4 தந்திருந்தார். மனேஜருக்கு இது தெரிய வழியே இல்லை, அவ வேலை பிரித்துக் கொடுக்கும்போது அவர் பக்கத்தில் இருப்பதில்லை. இந்த மாதிரியான விஷயத்தில் மனேஜரின் எண்ணைவிட, அதை ஒவ்வொரு நாளும் அனுபவிப்பவரின் எண்ணுக்கே பெறுமதி.

மூன்றாவது, பிழை திருத்துவது. இளையவர்கள் 3.25: 4, 4, 4, 1. அந்த ஒன்றை எடுத்துவிட்டால் சராசரி 4. ஒரு ஆளின் கோபம் என்று தள்ளிவிடலாம் என்றுதான் தோன்றும். அவசரப்பட வேண்டாம், இதற்குத் திரும்பி வருகிறேன்.

எழுத்துக் குறிப்புகள்

எண்கள் எங்கே பார்க்க வேண்டும் என்று காட்டும். என்ன நடந்தது என்பது எழுத்தில்தான் இருக்கும். ஆனால் எங்கள் ஆட்கள் எழுதுவதை அப்படியே எடுக்கக் கூடாது. ‘கொஞ்சம்’ என்றால் கொஞ்சம் இல்லை. ‘சில நேரங்களில்’ என்றால் அடிக்கடி என்று வைத்துக்கொள்ளலாம். ‘பரவாயில்லை’ என்பது பாராட்டு இல்லை என்று உங்களுக்கே தெரியும். ‘இன்னும் முன்னேறலாம்’ என்பது பக்கம் நிரப்ப எழுதியது, கடந்து போங்கள்.

குறிப்புகளை இரண்டாகப் பிரியுங்கள். ‘நல்ல மனுசி’, ‘அவசரக்காரி’, ‘ஒத்துழைப்பானவர்’ என்று ஆளைச் சொல்லும் வரிகள் ஒரு பக்கம். எப்போது, என்ன செய்தீர்கள் என்று சொல்லும் வரிகள் மறு பக்கம். முதல் வகை சந்தோசப்படவும் துக்கப்படவும் மட்டுந்தான் உதவும். 1996இல் குளூகர், டெனீசி என்ற இரண்டு ஆய்வாளர்கள் பின்னூட்டம் பற்றிய நூற்றுக்கு மேற்பட்ட ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். சராசரியில் நன்மைதான், ஆனால் மூன்றில் ஒன்றுக்கும் மேற்பட்ட இடங்களில் பின்னூட்டத்துக்குப் பிறகு வேலை முன்னதைவிடக் கெட்டிருந்தது. அவர்கள் சொன்ன விளக்கம், கவனம் செய்யும் வேலையை விட்டு ‘நான் எப்படிப்பட்ட ஆள்’ என்பதை நோக்கித் திரும்பும்போது பயன் குறைகிறது என்பது. நான் பஸ்ஸில் செய்தது அதைத்தான்.

தங்கச்சியின் அறிக்கையில் இரண்டாவது வகையில் நாலைந்து வரிதான் தேறியது. அவற்றில் மூன்று:

“திங்கட்கிழமைக் கூட்டத்தில் கேட்டால்தான் வேலை பிந்துவது தெரிய வருகிறது.”

“வேலை தரேக்க விளங்கினமாதிரித்தான் இருக்கும். செய்து முடிச்ச பிறகுதான் அக்காவுக்கு எப்பிடி வேணும் எண்டு தெரியுது.”

“எல்லாருக்கும் முன்னால் பிழையைச் சொல்வதைத் தவிர்த்தால் நல்லது.”

இரண்டாவது வரியில் ‘எண்டு’ என்று இருப்பதைக் கண்டதும் அவ சொன்னா: “இது எங்கட சின்னவன்தான், அவன்தான் இப்பிடி எழுதுவான்.” அந்த இடத்தில் நான் கடதாசியைக் கவிழ்த்து வைத்தேன். எழுத்துநடையைப் பிடித்து ஆளைத் தேடாதீர்கள். தேடினால் இரண்டில் ஒன்று நடக்கும்: நான் செய்ததுபோல் பிழையான ஆளைப் பிடிப்பீர்கள், அல்லது சரியான ஆளைப் பிடித்துவிட்டு அடுத்த வருடம் அவனிடமிருந்து எல்லாவற்றுக்கும் ஐந்து வாங்குவீர்கள். முழுக்க ஐந்து உள்ள அறிக்கையால் ஒரு பயனும் இல்லை.

இரண்டைத் தெரிவு செய்வது

தெரிவுக்கு நான் மூன்று கேள்வி வைத்திருக்கிறேன். இரண்டு குழுக்கள் சொல்கின்றனவா, அல்லது ஒரு குழு ஒட்டுமொத்தமாகச் சொல்கிறதா? அதை ‘இன்ன நேரத்தில் இன்னது செய்வேன்’ என்று ஒரு வரியில் எழுத முடியுமா? செய்தால் ஒரு மாதத்துக்குள் மற்றவர் கண்ணில் படுமா? மூன்றுக்கும் ஓம் என்றால் அது பட்டியலுக்கு வரலாம்.

‘கூட்டத்தில் கதைப்பது’ இரண்டாம் கேள்வியில் விழுந்தது. எதைக் கதைப்பது? அதை நான்காவது வரியோடு வைத்துப் பார்த்தோம். பிந்தப்போவதை அறிவிப்பதற்குச் சக ஊழியர் 2.75, அதுவும் 2, 3, 3, 3 என்று ஒட்டி நிற்கிறது. மனேஜர் 3. அதோடு ‘திங்கட்கிழமைக் கூட்டத்தில் கேட்டால்தான்’ என்ற குறிப்பு.

நான் கேட்டேன்: “திங்கட்கிழமை என்ன நடக்கும்?”

“கொழும்போட ஒன்லைன் மீற்றிங். முப்பது பேர். எங்கட பக்கம் பிந்துது எண்டு தெரியும் அக்கா. ஆனா எல்லாருக்கும் முன்னால சொல்ல வெக்கம். புதன்கிழமைக்குள்ள எப்பிடியும் முடிச்சிடலாம் எண்டு நினைச்சுப் பேசாம இருந்திடுவன்.”

அதுதான். மனேஜரின் 2உம் சக ஊழியரின் 2.75உம் இரண்டு குறை இல்லை, ஒரே மௌனம் இரண்டு கேள்வியில் விழுந்திருக்கிறது. கந்தோருக்குள் அவ கதைப்பதை இளையவர்கள் ஒவ்வொரு நாளும் கேட்கிறார்கள். இங்கிலீஷ் கிளாஸுக்கு ஆறு மாதம் போயிருந்தாலும் அந்தத் திங்கட்கிழமை வாய் திறந்திருக்காது. முதலாவது தெரிவு இப்படி வந்தது: ‘வெள்ளிக்கிழமை பின்னேரம் மூன்று மணிக்கு, அடுத்த கிழமை பிந்தக்கூடிய வேலை எது, எத்தனை நாள், யாருடைய உதவி வேண்டும் என்று மனேஜருக்கும் சம்பந்தப்பட்டவர்களுக்கும் நாலு வரி எழுதி அனுப்புவேன். ஒன்றும் பிந்தாவிட்டால் அதையும் ஒரு வரி எழுதுவேன்.’ முப்பது பேர் முன்னால் கதைக்க வேண்டிய தேவையே இல்லை. திங்கட்கிழமை மனேஜரே அதைத் தொட்டுக் கேட்பார். கேட்டால் பதில் சொல்வது சுலபம்.

இரண்டாவது, வேலை பிரித்துக் கொடுப்பது. ‘இனித் தெளிவாகச் சொல்வேன்’ என்று முதலில் எழுதினா. அது தீர்மானம் இல்லை, விருப்பம். ஒரு கிழமையில் கரைந்துவிடும். திருத்தி எழுதியது: ‘ஒரு நாளுக்கு மேல் எடுக்கும் எந்த வேலையையும் கொடுக்கும்போது மூன்று வரி எழுதிக் கொடுப்பேன். முடிந்தது என்றால் எப்படி இருக்கும், எப்போது வேண்டும், பாதியில் எதைக் கட்டாயம் என்னிடம் காட்ட வேண்டும். பிறகு, விளங்கினதை உன் வாயால் சொல்லு என்று கேட்பேன்.’ கடைசி வரி முக்கியம். “விளங்கிச்சா?” என்று கேட்டால் எங்கள் பிள்ளைகள் “ஓமக்கா” என்றுதான் சொல்வார்கள், பள்ளிக்கூடத்திலிருந்தே பழகியது.

இனி அந்த 1. ஒருவர் மட்டும் சொன்னது, எங்கள் முதலாவது கேள்வியில் நிற்காது. ஆனாலும் ஆட்கள் முன்னால் தலைகுனிய வைத்தது என்ற குற்றச்சாட்டுக்கு எண்ணிக்கை பார்க்கக் கூடாது. மற்ற மூன்று பேருக்கு அப்படி நடக்காததால்கூட 4 வந்திருக்கலாம். அதைத் தெரிவுப் பட்டியலில் சேர்க்கவில்லை, நாள் குறித்துச் செய்யும் திட்டமும் தேவைப்படவில்லை. அன்றோடு நிற்பாட்ட வேண்டிய விஷயம் அது, அவ்வளவுதான். தங்கச்சி ஒன்றும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் யன்னலைப் பார்த்துக்கொண்டு இருந்தா. யாரை, எந்த நாள் என்று அவவுக்குத் தெரிந்திருக்கும்.

திரும்பிப் போய்ச் சொல்லுங்கள்

தெரிவு செய்ததை மனேஜரோடு மட்டும் நிறுத்துபவர்கள் பலர். இளையவர்களிடமும் போய்ச் சொல்ல வேண்டும். 1999இல் வெளிவந்த, ஐந்து ஆண்டுகள் ஒரே முகாமையாளர்களைத் தொடர்ந்து பார்த்த ஆய்வு ஒன்றில், தங்களுக்குக் கீழே உள்ளவர்களோடு அறிக்கையைப் பற்றிக் கதைத்தவர்கள் கதைக்காதவர்களை விடக் கூடுதலாக முன்னேறியிருந்தார்கள். ஐந்து நிமிடம் போதும். தங்கச்சி சொல்லப் பழகியது இது:

“நீங்கள் எழுதினதுக்கு நன்றி. ஆர் எழுதினது எண்டு நான் பாக்கேல்ல, கேக்கவும் மாட்டன். வேலை தரேக்க வடிவா விளங்கேல்ல எண்டு எனக்கு விளங்கிச்சு. இனி மூண்டு வரி எழுதித்தான் தருவன். நான் மறந்தா, ‘அக்கா மூண்டு வரி’ எண்டு கேளுங்கோ.”

விளக்கம் சொல்ல வேண்டாம். “அந்த நேரம் எனக்கு வேலை கூட” என்று தொடங்கினீர்களென்றால் அடுத்த முறை யாரும் எழுத மாட்டார்கள்.

ஆறு கிழமைக்குப் பிறகு, “நான் திருந்தியிருக்கிறேனா?” என்று கேட்காதீர்கள். எல்லாரும் ஓம் என்பார்கள். எண்ணக்கூடிய ஒன்றை நீங்களே எண்ணுங்கள். தங்கச்சி ஒரு கொப்பியில், கிழமைக்கு எத்தனை வேலை கொடுத்தது, அதில் எத்தனை ‘இப்பிடி இல்லை’ என்று திரும்பிப் போனது என்று குறித்தா. முதல் கிழமை ஏழு கொடுத்து நாலு திரும்பிப் போனது. ஆறாவது கிழமை ஒன்பதுக்கு இரண்டு. வெள்ளிக்கிழமை ஈமெயில் ஆறில் ஒன்று தவறிவிட்டது, நல்லூர்த் தேர் வந்த கிழமை. அடுத்த திங்கட்கிழமை மனேஜரே கேட்டாராம், “போன கிழமை அந்த நாலு வரி வரேல்லையே?”

கடைசியாகக் கதைத்தபோது இன்னொன்றும் சொன்னா. ரீமிலே ஒருவன் வந்து, “அக்கா, நீங்கள் சொல்லுங்கோ, அந்த மூண்டு வரியை நாங்களே எழுதி உங்களுக்குக் காட்டுறம்” என்று கேட்டிருக்கிறான். இப்போது அப்படித்தான் நடக்கிறது.